வீட்டிலிருந்து நகை விற்கும் சகோதரிகளுக்கு: ஆர்டர் எடுக்கும் முன் எழுதி அனுப்ப வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, இஷா தொழுகைக்குப் பிறகு, நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு இரண்டு சகோதரிகள் தத்தம் வீட்டாருடன் வந்தார்கள். ஒருவர் நம் மஹல்லாவில் வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப் மூலம் கவரிங் நகை விற்பவர். மற்றவர் பக்கத்து மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். சிறு வயதில் இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் மகளின் நிகாஹுக்கு வேண்டிய நகையை இவரிடம் ஆர்டர் செய்திருந்தார்.

கல் பதித்த ஹாரம் 1,450 ரூபாய், கருகமணி 800 ரூபாய், நான்கு வளையல் 600 ரூபாய், கூரியர் 120 ரூபாய். ஆக மொத்தம் 2,970 ரூபாய். நிகாஹுக்கு இரண்டு நாள் முன்பு பார்சல் வந்தது. பிரித்தால், ஹாரத்தின் நடுப் பதக்கத்தில் இரண்டு கற்கள் இல்லை. வளையல் மணப்பெண்ணின் கையில் ஏறவில்லை. கருகமணி மட்டும் சரியாக இருந்தது. உடனே படம் எடுத்து அனுப்பினார். "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச் என்று ஏற்கனவே போட்டிருக்கிறேனே" என்று பதில் வந்தது. "எங்கே போட்டாய்? நான் பார்க்கவேயில்லை" என்றார் இவர். பெண் இரவல் வளையலோடு நிகாஹ் மேடை ஏறினாள். அதற்குப் பிறகு இரு வீட்டாரும் ஸலாம் சொல்லிக்கொள்வதையே நிறுத்திவிட்டார்கள்.

இருவரிடமும் நாங்கள் பொறுமையாகக் கேட்டோம். இருவருமே ஏமாற்ற நினைத்தவர்கள் அல்லர். பணம் கைமாறும் முன் பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் நம் சகோதரிகள் பலர் இருப்பதால், ஆர்டர் முறை பற்றிய அறிவிப்பில் என்னென்ன இருக்க வேண்டும், அவை ஏன் வேண்டும் என்பதை அந்த வழக்கை வைத்தே விளக்குகிறோம்.

ஸ்டேட்டஸில் போட்டது நிபந்தனை ஆகாது

விற்ற சகோதரி பொய் சொல்லவில்லை. அவர் தம் நிபந்தனைகளை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்தார். ஆனால் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இவர் ஆர்டர் கொடுத்ததோ அதற்குப் பத்து நாள் கழித்து. குரூப்பில் போட்டாலும் இதே கதைதான். நூறு படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும்.

ஆகவே ஆர்டர் முறையை ஒரே செய்தியாக எழுதி உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். யார் விலை கேட்டாலும், பணம் அனுப்பும் எண்ணைக் கொடுக்கும் முன், அந்தச் செய்தியை அவருடைய சாட்டிலேயே அனுப்புங்கள். "படித்தேன், சம்மதம்" என்று பதில் வந்த பிறகே எண்ணைக் கொடுங்கள். வியாபாரம் இரு தரப்பின் மனப்பொருத்தத்தோடு நடக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் சொல்வது. ஒருவர் பார்க்காத நிபந்தனைக்கு அவர் பொருந்திக்கொண்டார் என்று எப்படிச் சொல்வது?

பொருள் எது, அளவு எது

வளையல் ஏன் ஏறவில்லை என்று பார்த்தோம். "இரண்டரை சைஸ்" என்று வாங்கியவர் எழுதியிருந்தார். விற்றவர் அதை 2.5 என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு சைஸ் இல்லாததால் அடுத்ததான 2.6 அனுப்பிவிட்டார். வளையல் கணக்கில் 2.4, 2.6 என்பவை பள்ளிக்கூடத்துத் தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின் வருவது அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. 2.4 என்றால் இரண்டேகால் அங்குல உள்விட்டம். இரண்டரை அங்குலம் என்றால் அது 2.8. அந்த அம்மா சொன்ன அளவு சரிதான். புரிந்துகொண்டதில்தான் பிழை.

எனவே சைஸை எண்ணாக மட்டும் கேட்காதீர்கள். இப்போது கையில் போடும் ஒரு வளையலை ஸ்கேல் மேல் வைத்து, உள்விளிம்பிலிருந்து எதிர் உள்விளிம்பு வரை அளந்து, படம் அனுப்பச் சொல்லுங்கள். 5.7 சென்டிமீட்டர் என்றால் 2.4. ஏறத்தாழ 6 என்றால் 2.6. 6.3 அல்லது 6.4 என்றால் 2.8. மாற்றித் தரச் சொல்லி வரும் பல தொல்லைகள் இந்த ஒரு படத்தில் தீர்ந்துவிடும். செயினுக்கும் ஹாரத்துக்கும் அங்குலத்தில் நீளத்தைச் சொல்லுங்கள்.

பொருள் கவரிங்கா, மைக்ரோ பிளேட்டிங்கா, ஐம்பொன்னா என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் எல்லா முலாமும் பவுன் நிறம் காட்டும். பிறகு நிறம் வேறு என்று சண்டை வரும்.

பணம்: ஆர்டர் எந்த நிமிடத்தில் உறுதியாகிறது?

ஒரே ஒரு செட் இருக்கும். இரண்டு பேர் "எனக்கு வேண்டும்" என்பார்கள். யாருக்குக் கொடுப்பது? பணம் உங்கள் கணக்கில் ஏறி, "ஆர்டர் உறுதி" என்று நீங்கள் பதில் அனுப்பும் நிமிடத்தில்தான் ஆர்டர் உறுதியாகிறது என்று எழுதிவைத்தால் இந்தக் கேள்வி எழாது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக எண்ணக் கூடாது. யு.பி.ஐ. மூலம் பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிப்பது இப்போது எளிது. உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியவர் தரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் உங்கள் கணக்கில் தெரியும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். "தவறுதலாக 600-க்குப் பதில் 6,000 அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று அவசரப்படுத்துபவர் வந்தால், அவர் காட்டும் குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். பணம் பெறுவதற்கு பின் எண் அடிக்க வேண்டியதே இல்லை. யாராவது அடிக்கச் சொன்னால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று பொருள். அப்படி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

பொருளைக் கையில் வாங்கிப் பணம் தரும் முறையைப் பலர் கேட்பார்கள். கொடுக்கும் முன் கணக்குப் பாருங்கள். 650 ரூபாய் செட்டில் உங்கள் லாபம் 130 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்காமல் பார்சல் திரும்பினால் போக 90, வர 90 என்று 180 ரூபாய் போகும். ஒழுங்காக முடிந்த ஒரு ஆர்டரின் லாபம் முழுவதும் போய், மேலும் 50 ரூபாய் கைநட்டம். ஆகவே கூரியர் செலவையாவது முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது.

இங்கே மார்க்கச் சட்டம் ஒன்று குறுக்கிடுகிறது. "வாங்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காது" என்ற நிபந்தனையை ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. பேணுதலான வழி, உண்மையில் செலவான கூரியர் தொகையை மட்டும் முன்பே சொல்லிப் பிடித்துக்கொண்டு, மீதியைப் பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பிவிடுவது. ஐயம் இருந்தால் நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கு நாம் சொல்வதெல்லாம் கவரிங் நகைக்கு. தங்கம், வெள்ளி விற்பனையில் பணமும் பொருளும் கைக்குக் கை மாற வேண்டும் என்ற தனிச் சட்டம் உண்டு. வெள்ளிக் கொலுசைப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் கழித்து அனுப்பலாமா என்பதை ஆலிம்களிடம் விளக்கம் பெறாமல் செய்யாதீர்கள். மேலும் பல கூரியர்கள் தங்கம், வெள்ளிப் பொருட்களை ஏற்பதும் இல்லை.

பார்சல் வழியில் இருக்கும்போது

"அனுப்பிய பிறகு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரியைப் பல அறிவிப்புகளில் பார்க்கிறோம். இது நியாயமில்லை. கூரியரைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது. பார்சல் காணாமல் போனால் அனுப்பியவர் என்ற முறையில் புகார் எழுதிக் கேட்க வேண்டியவரும் நீங்களே. வாங்கியவரிடம் ஒரு துண்டுச்சீட்டும் கிடையாது. பொருள் வாங்குபவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அது உங்கள் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். அதற்கேற்ப எச்சரிக்கையாக அனுப்புங்கள்.

எச்சரிக்கை என்பது மூன்று காரியங்கள். முதலாவது முகவரி. பெயர், வீட்டு எண், தெரு, ஊர், ஆறு இலக்க பின்கோடு, இரண்டு போன் எண்கள். பகலில் போன் எடுக்கும் ஒருவருடைய எண் அதில் இருக்க வேண்டும். நீங்கள் கவரில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். இரண்டாவது கட்டுதல். ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டால் செயின் சிக்கிக்கொள்ளாது. குமிழ் உறையில் சுற்றி, அழுத்தினால் நசுங்காத அட்டைப்பெட்டியில் வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. சத்தம் வந்தால் கற்கள் வழியிலேயே தளரும். மூன்றாவது ரசீது. ரசீதைப் படம் எடுத்து அன்றே அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில் இரண்டு எழுத்துகள், ஒன்பது எண்கள், கடைசியில் IN என்று முடியும் எண் இருக்கும். அதை வைத்து வாங்குபவரே பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இன்சூர் செய்யாத பார்சல் தொலைந்தால் கிடைக்கும் இழப்பீடு பெரும்பாலும் நகையின் விலைக்கு ஈடாகாது. 2,000, 3,000 ரூபாய்க்கு மேல் போகும் கல்யாண செட் என்றால் இன்சூர் செய்ய முடியுமா என்று கேட்டு, அந்தச் செலவையும் விலையோடு சொல்லிவிடுங்கள்.

எந்த நாளில் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. எந்த நாளில் அனுப்புவீர்கள் என்பதற்கு வாக்குக் கொடுங்கள். நிகாஹ், பெருநாள் என்று தேதி குறித்துக் கேட்பவரிடம், குறைந்தது பத்து நாள் முன்பே ஆர்டர் வேண்டும் என்று சொல்லுங்கள். குறை இருந்தால் மாற்றி அனுப்ப அவகாசம் இருக்கும்.

பார்க்காத பொருளை விற்பது

ஹாரத்தில் கல் இல்லாதது விற்றவருக்கே தெரியாது. ஏனென்றால் அவர் அந்த ஹாரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. மொத்த வியாபாரி அனுப்பிய படத்தைப் பகிர்ந்தார், பணம் வாங்கினார், மொத்த வியாபாரியே நேராக வாங்கியவரின் முகவரிக்கு அனுப்பிவிட்டார். ரீசெல்லர் என்று இறங்கும் பலர் செய்வது இதுதான்.

தம்மிடம் இல்லாத பொருளை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதன் காரணத்தை இந்த வழக்கிலேயே பார்க்கலாம். குறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பொருளைப் பார்த்ததில்லை. பொருளைப் பார்த்தவரோ வாங்கியவருக்கு யாரென்றே தெரியாதவர். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொருளை வாங்கி வீட்டுக்கு வரவழைத்து, கல், கொக்கி, முலாம் பார்த்து, பிறகு விற்பது. மற்றொன்று, "நான் விற்பவர் அல்ல, இன்ன கடைக்கு முகவர், எனக்கு இவ்வளவு கமிஷன்" என்று வெளிப்படையாகச் சொல்லிச் செய்வது. இரண்டாவது வழியில் குறை வந்தால் யார் ஏற்பார் என்பதை அந்தக் கடையிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

திருப்பித் தருதல்

"நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரீஃபண்ட்" என்று எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது மார்க்கத்தில் தெளிவானது. நாட்டின் சட்டமும் அப்படியே சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் ஒரு காலவரம்பு குறித்திருந்தால் அதற்குள் திரும்பப் பெற வேண்டும். எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். வீட்டிலிருந்து விற்கிறோம் என்பது விலக்கு ஆகாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்கு இது பொருந்தும். ஆகவே எதையும் எழுதாமல் விடுவதை விட, நியாயமான ஒரு காலவரம்பை எழுதி, பில்லும் கொடுப்பதே விற்பவருக்கும் பாதுகாப்பு.

திரும்பி வரும் பொருட்களை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உடைந்தது, கல் விழுந்தது, தவறான பொருள் வந்தது என்பவை விற்றவரின் பொறுப்பு. போக வரக் கூரியர் செலவும் அவருடையது. அளவு பொருந்தவில்லை என்றால், அளவைத் தவறாகச் சொன்னவர் அல்லது தவறாக அனுப்பியவர் செலவை ஏற்க வேண்டும். மனம் மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்து எழுதலாம். காதணி, மூக்குத்தி போன்றவற்றை, குறை இருந்தால் அன்றி, சுகாதாரம் கருதித் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்வதும் நியாயமே.

பார்சல் பிரிக்கும் வீடியோவைக் கேட்பது இப்போது வழக்கம். எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுங்கள். பிரிக்காத பார்சலின் எல்லாப் பக்கமும், முகவரிச் சீட்டும் தெரிய வேண்டும். வெட்டுவது முதல் கடைசி நகையை எடுப்பது வரை நிறுத்தாமல் ஒரே பதிவாக இருக்க வேண்டும். ஆனால் வீடியோ இல்லை என்ற ஒன்றை வைத்தே மறுத்துவிடாதீர்கள். வயதானவர்கள் பலருக்கு அதை எடுக்கத் தெரியாது. கிடைத்த ஒரு மணி நேரத்தில், முகவரிச் சீட்டோடு சேர்த்து எடுத்த படமும் ஓர் ஆதாரம்தான். நீங்களும் பொருளைப் பெட்டியில் வைத்து மூடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வைத்திருந்தால் உண்மை எளிதில் தெரியும்.

நிற கேரண்டி கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முலாம் வியர்வையிலும் அத்தரிலும் சோப்பிலும் சீக்கிரம் மங்கும். நம் வீடுகளில் மோதிரமும் வளையலும் ஒரு நாளைக்கு ஐந்து முறை ஒலுச் செய்யும்போது நனைகின்றன. "ஆறு மாதம் நிறம் போகாது" என்று பொதுவாக எழுதினால், தினமும் நனையும் மோதிரத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். கழற்றி வைக்கச் சொல்லி, நனைந்து மங்கியதற்குக் கேரண்டி இல்லை என்று எழுதிவிடுங்கள்.

ஒரு மாதிரி அறிவிப்பு

உங்கள் வியாபாரத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

1. இவை கவரிங் நகைகள். தங்கம் அல்ல. பிடித்த நகையின் படத்தையும், வளையல் என்றால் ஸ்கேலில் அளந்த படத்தையும் அனுப்புங்கள்.
2. பொருள் இருக்கிறதா என்று பார்த்து, கூரியர் செலவோடு மொத்தத் தொகையைச் சொல்வோம். அதற்கு முன் பணம் அனுப்ப வேண்டாம்.
3. பணம் எங்கள் கணக்கில் வந்ததைப் பார்த்து "ஆர்டர் உறுதி" என்று அனுப்புவோம். அப்போதுதான் பொருள் உங்களுக்கு ஒதுக்கப்படும்.
4. உறுதியான 2 வேலை நாட்களுக்குள் அனுப்பி, ரசீதுப் படமும் பில்லும் தருவோம். அனுப்பும் முன் வேண்டாம் என்றால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்.
5. உங்கள் கைக்கு வரும்வரை பார்சல் எங்கள் பொறுப்பு.
6. பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். முடியாதவர்கள் முகவரிச் சீட்டோடு படம் எடுங்கள். குறை இருந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவியுங்கள்.
7. உடைந்த, தவறான பொருளுக்கு மாற்றுப் பொருள் அல்லது முழுப்பணம். கூரியர் செலவு எங்களுடையது. பொருள் எங்களிடம் வந்த 3 நாட்களில் பணம் திரும்பும்.
8. அளவு மாற்ற ஒரு முறை அனுமதி. நீங்கள் அனுப்பிய அளவுப்படி நாங்கள் அனுப்பியிருந்தால் கூரியர் செலவு உங்களுடையது.
9. குறை இல்லாத காதணி, மூக்குத்தி, அணிந்து பயன்படுத்திய நகை ஆகியவை திரும்ப எடுக்கப்பட மாட்டா.

அந்த வழக்கு எப்படி முடிந்தது?

ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பேசினோம். கருகமணியில் குறை இல்லை. அந்த 800 ரூபாய் விற்றவருக்கே. ஹாரத்தின் படம் பார்சல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தது. ஆகவே அதன் விலை 1,450 ரூபாயும் திரும்பத் தரப்பட்டது. வளையலில் ஒருவர் அளவைச் சொல்லால் மட்டும் சொன்னார். மற்றவர் கேட்டு உறுதி செய்யவில்லை. எனவே ஹாரமும் பழைய வளையலும் ஒரே பார்சலாகத் திரும்பி வந்த 90 ரூபாயை விற்றவரும், 2.8 சைஸ் வளையல் போன 90 ரூபாயை வாங்கியவரும் ஏற்றார்கள்.

மொத்த வியாபாரியோ, பிரிக்கும் வீடியோ இல்லை என்று ஹாரத்தைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அந்த முழு ஆர்டரில் நம் சகோதரிக்கு நின்ற லாபம் 350 ரூபாய். கையிலிருந்து போனதோ 1,540 ரூபாய். ஹாரம் அவர் வீட்டிலேயே கிடந்தது. பிறகு கல் பதித்து, "கல் மாற்றிப் பதித்தது" என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்றார். இப்போது அவர் பார்க்காத பொருளை விற்பதில்லை. பணம் அனுப்பும் எண்ணைக் கொடுக்கும் முன் ஒன்பது வரிச் செய்தி ஒன்றை அனுப்புகிறார். போன மாதம் அவரிடம் மறுபடியும் ஆர்டர் கொடுத்தவர்களில் அந்தப் பழைய தெருத் தோழியும் ஒருவர்.

தங்கள் ஆர்டர் அறிவிப்பை எழுதிக்கொண்டு வரும் சகோதரிகளுக்கு, அதை உடனிருந்து படித்துப் பார்த்துத் திருத்தித் தர நாங்கள் தயாராக இருக்கிறோம். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள்.